ஐம்பத்தைந்தும் ஐம்பத்தாறும்: வகுப்புச் சராசரியோடு ஒப்பிட்டு மாணவரின் பாதையைக் காட்டும் பலகை

மதிப்பெண் பதிவேடு ஒரு சமயத்தில் ஒரு தேர்வைத்தான் காட்டும். காலாண்டுப் பக்கத்தைப் புரட்டினால் காலாண்டு தெரியும், அரையாண்டுப் பக்கத்தைப் புரட்டினால் அரையாண்டு தெரியும். ஜூன் மாதத்திலிருந்து டிசம்பர் வரை ஒரு மாணவர் எந்தப் பக்கமாக நகர்ந்து வந்திருக்கிறார் என்பதை அறிய, பக்கங்களை மாறி மாறிப் புரட்டி மனதுக்குள் கணக்குப் போட வேண்டும். நாற்பது மாணவர் இருக்கும் வகுப்பில் அது நடக்கிற காரியம் இல்லை. ஆசிரியரின் முன்னேற்றப் பலகை, அதாவது டாஷ்போர்டு, இந்தக் கணக்கைத் தானே போட்டு ஒவ்வொரு மாணவரின் ஆண்டையும் ஒரே கோடாக வரைந்து காட்டும் திரை. தேர்வுகள் இடமிருந்து வலமாக வரிசையில் நிற்கும். வகுப்புச் சராசரி நடுவே ஒரு படுக்கைக் கோடாக ஓடும். மாணவரின் புள்ளிகள் அதற்கு மேலோ கீழோ விழும்.

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போன்ற ஒரு விரிதாள் போதும். பலகை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதுபோல் ஏமாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாக இருக்க, பத்தே மாணவர் கொண்ட ஒரு கற்பனை வகுப்பு. மாணவருக்குப் பெயருக்குப் பதில் வரிசை எண்.

ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

ஆண்டின் முதல் நான்கு தேர்வுகள் இவை: முதல் இடைப்பருவத் தேர்வு, காலாண்டு, இரண்டாம் இடைப்பருவத் தேர்வு, அரையாண்டு. இந்த வகுப்பில் இடைப்பருவத் தேர்வுகள் 50 மதிப்பெண்ணுக்கும், காலாண்டும் அரையாண்டும் 100 மதிப்பெண்ணுக்கும் நடந்தன. 4ஆம் எண் மாணவர் பெற்றவை 28, 52, 32, 55. 7ஆம் எண் மாணவர் பெற்றவை 39, 66, 36, 56. இந்த எண்களை அப்படியே கோடாக வரைந்தால் இருவருக்கும் மேலும் கீழுமாக ரம்பப் பல்தான் கிடைக்கும். 32 வாங்கியவர் அடுத்து 55 வாங்கியது முன்னேற்றம் இல்லை. மொத்த மதிப்பெண் மாறியதால் வந்த தோற்றம். ஆகவே முதல் வேலை எல்லாவற்றையும் சதவீதமாக்குவது.

விரிதாளில் `Marks` என்ற தாளில் வாங்கிய மதிப்பெண்கள் மட்டும் இருக்கும். முதல் வரிசையில் தேர்வின் பெயர், இரண்டாம் வரிசையில் மொத்த மதிப்பெண், 3 முதல் 12 வரையிலான வரிசைகளில் பத்து மாணவர். `Percent` என்ற இன்னொரு தாள் அதைச் சதவீதமாக மாற்றும். அதன் B3 கட்டத்தில் எழுத வேண்டிய வாய்பாடு இது:

```
=IF(ISNUMBER(Marks!B3), Marks!B3/Marks!B$2*100, "")
```

இதை வலப்புறமும் கீழ்ப்புறமும் இழுத்துவிட்டால் தாள் முழுவதும் நிரம்பிவிடும். 13ஆம் வரிசையில் `=AVERAGE(B3:B12)` என்று எழுதினால் வகுப்புச் சராசரி வந்துவிடும். நம் வகுப்பின் சராசரிகள் வரிசையாக 62, 54, 64, 50.

இடைவெளி சொல்லும் கதை

மூன்றாவது தாள் `Gap`. இதில் ஒவ்வொரு மாணவரின் சதவீதத்திலிருந்தும் அந்தத் தேர்வின் சராசரி கழிக்கப்படும். கிடைக்கும் எண்ணை இடைவெளி என்று அழைக்கலாம். கூட்டல் குறி என்றால் மாணவர் சராசரிக்கு மேலே, கழித்தல் குறி என்றால் கீழே.

| தேர்வு | சராசரி | 4ஆம் எண் (%) | இடைவெளி | 7ஆம் எண் (%) | இடைவெளி |
|---|---|---|---|---|---|
| முதல் இடைப்பருவம் | 62 | 56 | −6 | 78 | +16 |
| காலாண்டு | 54 | 52 | −2 | 66 | +12 |
| இரண்டாம் இடைப்பருவம் | 64 | 64 | 0 | 72 | +8 |
| அரையாண்டு | 50 | 55 | +5 | 56 | +6 |

அரையாண்டில் ஒருவருக்கு 55, மற்றவருக்கு 56. பதிவேட்டில் இரண்டும் அடுத்தடுத்த எண்கள். ஆசிரியர் இருவரையும் ஒரே தரத்தில் வைத்துப் பார்ப்பார். இடைவெளிகளைப் பார்த்தால் ஒருவர் படியேறி வந்து அந்த இடத்தில் நிற்கிறார், மற்றவர் படியிறங்கி வந்து அதே இடத்தில் நிற்கிறார். 7ஆம் எண் மாணவர் நான்கு தேர்விலும் சராசரிக்கு மேலேயே இருந்ததால் எந்த ஒரு தேர்வின் பட்டியலும் அவரைக் காட்டிக்கொடுத்திருக்காது. பலகையின் பயன் இங்கேதான் இருக்கிறது: தேர்ச்சி பெற்றுக்கொண்டே சரிந்துவருபவரை அது கண்ணில் காட்டுகிறது.

வாங்கிய மதிப்பெண்ணை விட இடைவெளி தெளிவாகப் பேசக் காரணம், வினாத்தாளின் கடினம் அதில் பெரும்பாலும் கழிந்துபோய்விடுகிறது. அரையாண்டு வினாத்தாள் கடினம் என்றால் எல்லோருடைய மதிப்பெண்ணும் இறங்கும், சராசரியும் இறங்கும். கழித்த பிறகு மிஞ்சுவது அந்த மாணவருக்கு மட்டும் உரிய மாற்றம்.

வராதவருக்குச் சுழியம் போட்டால்

அரையாண்டுத் தேர்வுக்கு 10ஆம் எண் மாணவர் காய்ச்சலால் வரவில்லை. மற்ற ஒன்பது பேரின் மதிப்பெண்கள் வரிசை எண்படி 82, 47, 40, 55, 52, 30, 56, 24, 64. கூட்டுத்தொகை 450, ஒன்பதால் வகுத்தால் 50.

வராதவரின் கட்டத்தில் 0 என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும்? 450ஐப் பத்தால் வகுக்க வேண்டிவரும். சராசரி 45 ஆகிவிடும். உடனே தேர்வெழுதிய ஒன்பது பேரின் இடைவெளியும் 5 புள்ளி உயரும். 7ஆம் எண்ணின் அரையாண்டு இடைவெளி +6 என்பதற்குப் பதிலாக +11 என்று வரும். முந்தைய தேர்வில் +8 இருந்ததால், சரிந்துவந்தவர் இப்போது மீண்டெழுந்துவிட்டதாகப் பலகை காட்டும். ஒரு கட்டத்தில் விழுந்த ஒரு சுழியம் இன்னொரு மாணவரின் கதையையே மாற்றிவிடுகிறது.

இதைத் தவிர்க்க, வராதவரின் கட்டத்தில் `AB` என்று எழுத்தாகப் பதிய வேண்டும். மேலே தந்த வாய்பாட்டில் `ISNUMBER` இருப்பது இதற்காகத்தான். எண் இல்லாத கட்டத்தை அது வெற்றாக விட்டுவிடும், `AVERAGE` அதைக் கணக்கில் சேர்க்காது. வரைபடத்தில் இன்னொரு பொறி உண்டு. எக்செல் கோட்டு வரைபடம் `""` என்ற வெற்று எழுத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு புள்ளியிடும். அதனால் `Gap` தாளில் மட்டும் வெற்றெழுத்துக்குப் பதில் `NA()` போட வேண்டும்:

```
=IF(ISNUMBER(Percent!B3), Percent!B3-Percent!B$13, NA())
```

தவறு நடந்திருக்கிறதா என்று கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தேர்வில் வகுப்பில் பலருடைய கோடும் ஒரே அளவுக்கு மேலேறியிருந்தால், அது யாருடைய முன்னேற்றமும் இல்லை; சராசரியில் பிழை இருக்கிறது. தேர்வெழுதியவர்களின் இடைவெளிகளை மட்டும் கூட்டினால் விடை சுழியமாக வர வேண்டும். வராவிட்டால் எழுதாத ஒருவர் கணக்கில் புகுந்திருக்கிறார்.

வராதவரைச் சரியாக விலக்கிய பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். 10ஆம் எண் மாணவர் முதல் தேர்வில் 60 விழுக்காடு பெற்று ஏறக்குறைய சராசரியிலேயே இருந்தவர். அவர் இல்லாதது சராசரியைப் பெரிதாக அசைக்காது. அவரோடு 24 பெற்ற 8ஆம் எண் மாணவரும் அன்று வராமல் இருந்திருந்தால், மீதி எட்டுப் பேரின் சராசரி 53.25 ஆகியிருக்கும். யாரும் எதுவும் குறைவாக எழுதாமலே எல்லோருடைய இடைவெளியும் மூன்று புள்ளிக்கு மேல் சரிந்திருக்கும். பிந்தங்கிய மாணவர் பலர் ஒரே தேர்வுக்கு வராமல் போனால், எல்லாத் தேர்வையும் எழுதியவர்களை மட்டும் வைத்துச் சராசரியைத் தனியாக ஒருமுறை போட்டுப் பார்ப்பதே சரி.

பரவலும் கணக்கில் வர வேண்டும்

வகுப்பின் முதல் மாணவர், 1ஆம் எண், முதல் இடைப்பருவத்தில் 88 விழுக்காடு பெற்றார், இடைவெளி +26. அரையாண்டில் 82 பெற்றார், இடைவெளி +32. ஆறு புள்ளி முன்னேறிவிட்டார் என்று பலகை சொல்கிறது. அது முழு உண்மை இல்லை.

முதல் தேர்வில் மதிப்பெண்கள் 38க்கும் 88க்கும் நடுவே இருந்தன. அரையாண்டில் 24க்கும் 82க்கும் நடுவே விரிந்துகிடந்தன. கடினமான வினாத்தாள் வகுப்பை இப்படி இழுத்துப் பரப்பிவிடுவது உண்டு. பரவல் விரியும்போது மேலே இருப்பவரின் இடைவெளி தானாகவே பெருகும், கீழே இருப்பவரின் பள்ளமும் தானாகவே ஆழமாகும்.

இந்தப் பரவலை அளப்பதற்கான அளவை திட்ட விலக்கம். அதே மாணவர்கள் படிக்கும் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் எட்டாம் அலகில், புள்ளியியலும் நிகழ்தகவும் என்ற பாடத்தில் அது இருக்கிறது. ஒவ்வோர் இடைவெளியையும் வர்க்கமாக்கி, அவற்றின் சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அது. விரிதாளில் `=STDEV.P(B3:B12)` என்று எழுதினால் போதும். நம் வகுப்பில் முதல் இடைப்பருவத்தின் திட்ட விலக்கம் 14.3, அரையாண்டின் திட்ட விலக்கம் 16.6.

இடைவெளியை இதனால் வகுத்தால், மாணவர் சராசரியிலிருந்து எத்தனை பரவல் தூரத்தில் நிற்கிறார் என்பது தெரியும். 1ஆம் எண்ணுக்கு முதலில் 1.8, பிறகு 1.9. ஆறு புள்ளி முன்னேற்றம் என்று தெரிந்தது ஏறக்குறைய கரைந்துவிட்டது. அவர் இருந்த இடத்திலேயே உறுதியாக இருக்கிறார். 7ஆம் எண்ணுக்கு 1.1 ஆக இருந்தது 0.4 ஆகிவிட்டது. 4ஆம் எண்ணுக்கு −0.4 ஆக இருந்தது +0.3 ஆகியிருக்கிறது. இந்த இருவரின் நகர்வும் பரவலைக் கழித்த பின்னும் நிலைத்து நிற்கிறது.

பெற்றோருக்குக் காட்டும் கோட்டில் திட்ட விலக்கம் வேண்டியதில்லை. இடைவெளியே புரிவதற்கு எளிது. ஆசிரியர் தன் பார்வைக்கு மட்டும் இரண்டாவது அட்டவணையாக இதை வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அசைவு உண்மையான அசைவு?

பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வு அமைப்பில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14; எழுத வேண்டிய இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. மொத்தம் 100. காலாண்டும் அரையாண்டும் இதே அமைப்பில் நடந்தால், ஓர் ஐந்து மதிப்பெண் வினா தெரிந்ததாக வந்ததா, முந்தின இரவு விட்டுவிட்ட கணக்காக வந்ததா என்பதே ஐந்து புள்ளியை முடிவு செய்துவிடும். 50 மதிப்பெண் தேர்வில் அதே வினா சதவீதக் கணக்கில் பத்துப் புள்ளி. ஆகவே இரண்டு தேர்வுகளுக்கு நடுவே இடைவெளி ஐந்து புள்ளி மாறியதை வைத்து யாரையும் பாராட்டவோ கண்டிக்கவோ முடியாது. அது ஒரே ஒரு கணக்கின் எடை.

தொடர்ந்து ஒரே திசையில் நகர்வதுதான் கவனிக்க வேண்டியது. அதிலும் அளவு தெரிந்திருக்க வேண்டும். நான்கு எண்களை வரிசைப்படுத்த 24 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று முழுக்க ஏறுவது, ஒன்று முழுக்க இறங்குவது. வெறும் தற்செயலால் மட்டும் மதிப்பெண் மாறினாலும் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு நான்கு தேர்வும் ஒரே திசையில் அமைந்துவிடும். நாற்பது பேர் வகுப்பில் அப்படி மூன்று பேர் இருப்பார்கள். எனவே பலகையில் தெரியும் சரிவு தீர்ப்பு இல்லை. யாருடைய விடைத்தாளை முதலில் எடுத்துப் பார்ப்பது என்று சொல்லும் குறிப்பு.

வரைபடமும் இங்கே ஏமாற்றக்கூடும். விரிதாள் தானாகவே செங்குத்து அச்சின் அளவைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு புள்ளிக்குள் அசைந்த மாணவருக்கும் அது ஒரு மலையும் பள்ளமும் வரைந்துவிடும். எல்லா மாணவருக்கும் அச்சை −40 முதல் +40 வரை என்று ஒரே அளவில் நிறுத்திவைத்தால், சிறிய அசைவு சிறிதாகவும் பெரிய சரிவு பெரிதாகவும் தெரியும். வகுப்பு முழுவதற்கும் ஒரே வரைபடம் போதும். ஒரு தனித் தாளின் B1 கட்டத்தில் வரிசை எண்ணைத் தட்டினால் அந்த மாணவரின் இடைவெளிகள் வந்துவிடும்படி இந்த வாய்பாட்டை எழுதலாம்:

```
=INDEX(Gap!B$3:B$12, MATCH($B$1, Gap!$A$3:$A$12, 0))
```

பலகையிலிருந்து விடைத்தாளுக்கு

7ஆம் எண்ணின் அரையாண்டு விடைத்தாளை எடுத்துப் பகுதி பகுதியாகக் கூட்டினால் இப்படி வருகிறது: ஒரு மதிப்பெண் வினாக்களில் 14க்கு 12, இரண்டு மதிப்பெண்ணில் 20க்கு 14, ஐந்து மதிப்பெண்ணில் 50க்கு 20, எட்டு மதிப்பெண்ணில் 16க்கு 10. மொத்தம் 56. விடுபட்ட 44 மதிப்பெண்ணில் 30 ஐந்து மதிப்பெண் வினாக்களில் போயிருக்கிறது. அவற்றில் எழுதாமல் விட்டவை முக்கோணவியலிலும் அளவியலிலும் இருந்தால் விளக்கம் கிடைத்துவிடுகிறது. முதல் இடைப்பருவம் உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும் என்ற முதல் பாடங்களிலிருந்து வந்தது. அதில் அவர் வல்லவர். பிந்தைய பாடங்கள் சேரச் சேர அவருடைய இடைவெளி சுருங்கியிருக்கிறது. அவர் சோம்பியதாகவோ கவனம் சிதறியதாகவோ கொள்ள இதில் ஆதாரம் இல்லை. இரண்டு பாடங்கள் பிடிபடவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் விட்ட வினாக்கள் பல பாடங்களிலும் சிதறியிருந்து, கடைசிப் பக்கங்கள் அவசரமாக முடிந்திருந்தால், குறை நேரத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கோடு சொல்லாது, தாள்தான் சொல்லும்.

இந்தத் திரையை யார் பார்ப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. மாணவரிடமும் பெற்றோரிடமும் காட்ட வேண்டியது அவருடைய கோடும் சராசரிக் கோடும் மட்டும். பத்துக் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டினால் அது பழைய ரேங்க் பட்டியல்தான். பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதையே தமிழ்நாடு 2017இல் நிறுத்திவிட்டது.

இடைவெளி காட்டாதது

சராசரியிலிருந்து அளக்கும் எந்த அளவுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இடைவெளிகளின் கூட்டுத்தொகை எப்போதும் சுழியம். வகுப்பு முழுவதும் சேர்ந்து முன்னேறினாலும் சுழியம், சேர்ந்து இறங்கினாலும் சுழியம். நம் வகுப்பின் சராசரி 62இலிருந்து 50க்கு வந்திருக்கிறது. அது வினாத்தாளின் கடினமா, பாடம் மனதில் பதியாததா என்பதை வகுப்புக்குள்ளேயே இருந்துகொண்டு சொல்ல முடியாது. அதே வினாத்தாளை எழுதிய இன்னொரு பிரிவின் அல்லது அருகிலுள்ள பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அங்கும் 12 புள்ளி இறங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் வினாத்தாள். அங்கே இறங்காமல் இங்கே மட்டும் இறங்கியிருந்தால் காரணத்தைப் பாடம் நடந்த விதத்தில் தேட வேண்டும்.

இந்தக் குருட்டுப் புள்ளியில் மறைந்து நிற்பவர்கள் 6ஆம் எண்ணும் 8ஆம் எண்ணும். முதல் இடைப்பருவத்தில் அவர்கள் பெற்றது 44, 38. இடைவெளி −18, −24. அரையாண்டில் பெற்றது 30, 24; இடைவெளி −20, −26. இருவருக்கும் இரண்டே புள்ளி வேறுபாடு. பரவலால் வகுத்துப் பார்த்தால் 6ஆம் எண்ணுக்கு −1.3 ஆக இருந்தது −1.2 ஆகவும், 8ஆம் எண்ணுக்கு −1.7 ஆக இருந்தது −1.6 ஆகவும் மாறி, துளி முன்னேறியதுபோலக்கூடத் தெரியும். இடைவெளிக் கோட்டில் இருவரும் அசையாமல் நிற்பவர்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி மதிப்பெண் 35. முதல் தேர்வில் அதற்கு மேலே இருந்த இருவரும் அரையாண்டில் அதற்குக் கீழே போய்விட்டார்கள்.

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவருக்கு இந்த வகுப்பின் சராசரி தெரியாது. அங்கே இருப்பது 35 என்ற எண் மட்டும். அதனால் பலகையில் இடைவெளிக் கோட்டோடு இரண்டாவது படம் ஒன்றும் இருக்க வேண்டும்: மாணவர் பெற்ற சதவீதம், வகுப்புச் சராசரி, 35இல் அசையாத ஒரு கோடு. 7ஆம் எண்ணை முதல் படம் காட்டும். 6ஆம் எண்ணையும் 8ஆம் எண்ணையும் இரண்டாம் படம் மட்டுமே காட்டும். அரையாண்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் நடுவே உள்ள திருப்புதல் வாரங்களில் ஆசிரியர் முதலில் அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள் இருவர்.